கோப்பைத் திறந்தே பார்க்கவில்லை

கேள்வி: என் கூட்டாளி கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவன். அமெரிக்காவில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்து, போன கிழமை கொழும்பில் விசா நேர்முகத்துக்குப் போனான். மூன்று நிமிடம்கூட இல்லை, ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ‘கொண்டுபோன கோப்பைத் திறந்தே பார்க்கல்ல, எல்லாம் முடிஞ்சுது’ என்று எழுதியிருக்கிறான். கல்முனையில் ஒரு ஏஜென்ட், உடனே திரும்பப் போடலாம், வங்கியில் காசு காட்டவும் ஏற்பாடு செய்யலாம் என்கிறாராம். நான் அவனுக்கு என்ன சொல்ல?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, எழுதுவதை விட்டுவிட்டு ஒருக்கா நேரில் போய்ப் பாருங்கள். போனதும் ‘என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னாய்?’ என்று மட்டும் தொடங்க வேண்டாம். ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அம்மா, மாமி, ரியூசன் சேர், கனடாவிலிருந்து பெரியப்பா என்று எல்லோருக்கும் அதையே சொல்லி அலுத்திருப்பார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இன்னொரு தடவை அந்தத் தூதரக ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறார். நீங்களாவது வேறு கதை கதையுங்கள். அவராக எடுத்தால் கேளுங்கள், இடையில் திருத்தம் சொல்லாமல்.

அவரை அதிகம் சுடுவது அந்தக் கோப்புத்தான் போலிருக்கிறது. காணி உறுதி, வங்கிக் கடிதம், கிராம சேவகர் சான்றிதழ், பாடசாலைக் காலத்துச் சான்றிதழ்கள் என்று ஒவ்வொன்றையும் உறைக்குள் போட்டு அடுக்கிக்கொண்டு போனவருக்கு, அதைத் தொட்டும் பார்க்கவில்லை என்றால் தன்னையே மதிக்கவில்லை என்றுதான் தோன்றும். அப்படியில்லை. அதிகாரிக்கு முன்னாலுள்ள திரையில் இவர் நிரப்பிய DS-160 விசா விண்ணப்பப் படிவம் இருக்கும். அனுமதியையும் செலவையும் காட்டிப் பல்கலைக்கழகம் கொடுத்த I-20 தாளின் விவரங்களும் இருக்கும். மிச்சத்தை அவர்கள் பேச்சிலிருந்தே எடைபோடுகிறார்கள். கோப்பைத் திறக்காமலே விசா கொடுத்து அனுப்பியவர்களும் நிறையப் பேர்.

சரி, இரண்டொரு நாள் போகட்டும். அப்புறம் அந்தத் தாளை வாங்கி நீங்களே வாசியுங்கள். மாணவர் விசாவில் பெரும்பாலும் 214(b) என்று இருக்கும். 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் பிரிவு அது. மாணவராகவோ சுற்றுலாவுக்கோ வருகிறவர் அங்கேயே தங்கிவிட எண்ணுகிறார் என்றுதான் சட்டம் எடுத்த எடுப்பில் வைத்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. அமைச்சரின் மகன் போனாலும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே உங்கள் கூட்டாளி பொய்யர் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்கு அவர் காட்டியது போதவில்லை என்பதுதான் அதன் பொருள். இதற்கு மேன்முறையீடு கிடையாது, ஆனால் தடையும் கிடையாது. தாளில் 221(g) என்று இருந்தால் கதையே வேறு. ஏதோ ஆவணமோ மேலதிகப் பரிசீலனையோ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அதில் கேட்டிருப்பதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

214(b) என்றால் அதிகாரி காரணத்தை விரித்துச் சொல்லமாட்டார். அதனால்தான் ஆட்கள் இரவிரவாக ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ‘அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்று உருகுகிறார்கள். கல்லாற்றுப் பக்கத்துப் பிள்ளையொருத்தி எனக்குத் தெரியும். ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?’ என்ற கேள்விக்குத் தடுமாறியதால்தான் போயிற்று என்று கிழமைக் கணக்கில் அழுதாள். கேள்வியையும் பதிலையும் நினைவில் இருக்கிறபடியே கொப்பியில் எழுதச் சொன்னேன், நல்லபடியாக மாற்றாமல். நாலு கேள்வி. அதில் இரண்டு மாமாவைப் பற்றியது. ‘யார் செலவழிக்கிறார்?’ ‘மாமா.’ ‘அவர் என்ன செய்கிறார்?’ ‘டொரன்டோவில் இருக்கிறார்.’

அவளுடைய I-20 தாளில் ஒரு வருடச் செலவு 36,000 டொலர். புலமைப்பரிசில் 10,000. மிச்சம் 26,000 மாமாவின் தலையில். மாமாவுக்குப் போன் எடுத்துக் கேட்டபோதுதான் அவர் லொறி ஓட்டுவதும், அவருடைய இரண்டு பிள்ளைகள் அங்கே கல்லூரியில் படிப்பதும் சரியாகத் தெரியவந்தது. பாசத்தில் ‘நான் பார்த்துக்கொள்கிறன்’ என்று சொல்லியிருக்கிறார் மனிதர். ஆனால் இரண்டு வருடத்துக்கு அந்தக் காசு எங்கிருந்து வரும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு வந்த சந்தேகம் நியாயமானதுதான். ஆங்கிலத்தை எவ்வளவு தீட்டினாலும் அந்த ஓட்டை அடைபட்டிருக்காது.

ஏஜென்டின் யோசனையை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். ஒன்றும் மாறாமல் உடனே போட்டால் அதே படிவம், அதே நிலைமை, பெரும்பாலும் அதே பதில். விண்ணப்பக் கட்டணம் 185 டொலர் திரும்பி வராது, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும். கணக்கில் காட்டுவதற்காகக் கைமாற்றிய காசு அதைவிட ஆபத்து. திடீரென்று ஏறிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும். பொய்த் தகவல் கொடுத்ததாகப் பதிவானால் அது 214(b) போல மறுபடி முயலக்கூடிய விஷயமல்ல, அமெரிக்கா போகும் வழியையே காலத்துக்கும் அடைத்துவிடும். ‘முன்பு விசா மறுக்கப்பட்டதா?’ என்று அடுத்த படிவத்தில் கேட்பார்கள், ஆம் என்றே எழுத வேண்டும். கனடா, அவுஸ்திரேலியா, பிரித்தானியா எல்லாம் வேறு நாட்டு மறுப்புகளையும் கேட்கின்றன. கனடாவில் மறைத்துப் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. ‘அதெல்லாம் போட வேண்டாம்’ என்று அந்த ஏஜென்ட் சொன்னால் உடனே எழும்பி வந்துவிடச் சொல்லுங்கள்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு, விசாவுக்கு அல்ல, இடத்துக்கு. I-20 தாளில் படிப்புத் தொடங்கும் திகதி போட்டிருக்கும். அது தாண்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போக வேண்டும்: விசா மறுக்கப்பட்டது, அனுமதியை அடுத்த தவணைக்கு ஒத்திவைக்க முடியுமா, புலமைப்பரிசில் அப்படியே இருக்குமா? நாலு வரி போதும், கெஞ்சத் தேவையில்லை. இப்படிக் கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல. வெளிநாட்டு மாணவர் பதிவுக்காக ஏற்கெனவே கட்டிய 350 டொலர் செவிஸ் கட்டணத்தை, மறுப்புக் கிடைத்து 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மீண்டும் விண்ணப்பித்தால் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. அந்த ரசீது பத்திரமாக இருக்கட்டும். இரண்டாவது மின்னஞ்சல் துறைக்கு: அடுத்த வருடம் கற்பித்தல் உதவியாளர் இடம் ஏதும் கிடைக்குமா என்று.

கல்லாற்றுப் பிள்ளைக்கு அந்த உதவியாளர் இடம் அடுத்த வருடம் கிடைத்தது. மாமாவின் பெயர் படிவத்திலிருந்து போய்விட்டது, விசாவும் வந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. இடம் கிடைக்காவிட்டால் மறுபடி போடுவதில்லை, பேராதனையில் முதுமாணி செய்வது என்று அவள் முதலே முடிவெடுத்து வைத்திருந்தாள். உங்கள் கூட்டாளியும் துறையின் பதில் வரும்வரை திரும்பப் போடுவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டாம். இடையில் ‘விசா என்ன மாதிரி?’ என்று கேட்கிற மாமிமாருக்கு ‘அடுத்த தவணைக்குக் கேட்டிருக்கு மாமி’ என்று சொன்னால் போதும், மின்னஞ்சல் போனபிறகு அது உண்மையும்கூட.