பெட்ஜிக்குப் பசை தடவுவது ஒட்டுவதற்கு அல்ல

"ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் சின்னதாக 3டி பிரிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். படகு ஒயர்களைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகளைப் பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கில் அடித்தேன். கழற்றும்போது கண்ணாடித் தட்டிலிருந்து நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்து வந்துவிட்டது. மெஷின் விற்றவர், 'டெக்ஸ்சர் பிஇஐ தட்டு வாங்குங்கள், எல்லா ஃபிலமென்ட் இழைக்கும் அது ஒன்றே போதும்' என்கிறார். நண்பர், க்ளூ ஸ்டிக் தடவி அடி என்கிறார். பிடிப்பு அதிகமாகித்தானே உடைந்தது, அதன் மேல் பசை வேறா? யார் சொல்வதைக் கேட்பது?"

இப்போதைக்கு நண்பர் சொல்வதைக் கேளுங்கள். விற்றவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில் உங்கள் காசு போகும்.

பெட்ஜி சூடாக இறங்கும்போது வெறும் கண்ணாடியோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். கண்ணாடி கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. அந்த இழுப்பில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பிணைப்பு விடாவிட்டால் கண்ணாடியின் மேல்தோல்தான் பெயர்ந்து வரும், உங்களுக்கு நடந்தது அதுதான். க்ளூ ஸ்டிக் தடவினால் பெட்ஜி கண்ணாடியைத் தொடாது, பசைப் படலத்தின் மேல்தான் உட்காரும். அந்தப் படலம் தண்ணீரில் கரைவது, கண்ணாடியை விட எளிதில் விட்டுக்கொடுப்பது. அதே குச்சியைப் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கை அடிக்கும்போது பிடிப்புக்காகத் தடவுகிறோம், பெட்ஜி அடிக்கும்போது விடுவிப்பதற்காகத் தடவுகிறோம்.

கண்ணாடியைத் திருப்பிப் போடுங்கள், சில்லு போன பக்கத்தில் இனி அடிக்க வேண்டாம். ஒரு பக்கம் கருப்பாகப் பூச்சு போட்ட கண்ணாடியாக இருந்தால் மறுபக்கம் வெறும் கண்ணாடிதான், அங்கும் பசை கட்டாயம். பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவித் துடையுங்கள். ஆறிய தட்டில் பசைக் குச்சியை ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, ஈரத்துணியால் லேசாகப் பரப்பிவிடுங்கள். காய்ந்ததும் பளபளப்பு போய் மங்கலான படலம் சீராகத் தெரியும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பசை இல்லாத இடத்தில் மறுபடி சில்லு போகும். தட்டுச் சூடு 75 முதல் 80 டிகிரி. முதல் அடுக்கைப் பிஎல்ஏ போல நசுக்கி அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் இறங்கும் நாசிலை 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்திவிடுங்கள். முடிந்ததும் திரையில் தட்டின் சூடு அறைச்சூட்டுக்கு வரும்வரை கை வைக்காதீர்கள். மண்டபத்தின் வெயில் காலத்தில் அதற்கு நேரமாகும், பொறுங்கள். ஆறியும் வரவில்லை என்றால் தட்டைப் பொருளோடு தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டால் பசை கரைந்து தானாக விடும். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றுவதும் கத்தியை வைத்துச் சுத்தியால் தட்டுவதும் வேண்டவே வேண்டாம். அப்படித் தெறிக்கும் சில்லு கண்ணுக்குத்தான் போகும்.

இனி பிஇஐ தட்டுக்கு வருவோம். பெட்ஜியே உங்கள் முக்கிய வேலை என்றால் அதை வாங்கத்தான் வேண்டும். ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டின் மேல் பிஇஐ என்ற பிளாஸ்டிக் பொடியைச் சுட்டு ஏற்றிய சொரசொரப்பான மேற்பரப்பு அது. அடியில் ஒட்டிய காந்தத் தாள் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். பெட்ஜியை அதில் பசையில்லாமல் அடிக்கலாம். சூடாக இருக்கும்போது பிடிக்கும், ஆறியதும் தகட்டை லேசாக வளைத்தால் கிளிப்புகள் உதிர்ந்துவிடும். பிஎல்ஏவுக்கும் 60 டிகிரியில் அது போதும். ரப்பர் போல வளையும் டிபியு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொள்ளும், அதற்கு மெல்லிய பசைப் படலம் கொடுங்கள்.

"எல்லாத்துக்கும் இதுவே போதும்" என்ற பேச்சு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் உடையும். ஏபிஎஸ்ஸுக்குத் தட்டு 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மலிவான காந்தத் தாள்கள் 80 டிகிரி தாண்டினாலே பிடிப்பை இழக்கத் தொடங்கும், இழந்தது ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. பொருளின் மூலை தூக்கும்போது தகட்டின் மூலையும் சேர்ந்து தூக்கினால் காந்தம் போய்விட்டது என்று அர்த்தம். "எத்தனை டிகிரி வரை தாங்கும் காந்தம்?" என்ற ஒரு கேள்வியை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அவரிடம் வாங்காதீர்கள். தவிர, கடற்காற்று அடிக்கிற அறையில் மூடியில்லாத மெஷினில் ஏபிஎஸ் அடித்தால் எந்தத் தட்டு போட்டாலும் மூலை தூக்கும்.

இந்தத் தட்டு வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. வளையும் கருப்புக் காந்த ரப்பர் தாளை "பிஇஐ" என்று பெயர் போட்டு விற்கிறார்கள். ஓரத்தைப் பிடித்து வளைத்துவிட்டுப் பாருங்கள்: ஸ்பிரிங் ஸ்டீல் சட்டென்று நிமிரும், ரப்பர் தாள் துவண்டு தொங்கும். வெறும் ஸ்டிக்கரை அனுப்புபவர்களும் உண்டு. திருப்பி அனுப்பலாம் என்றால் "உங்கள் பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை" என்று ஆப் சொல்லும். ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பார்சல் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு அதைத் திரும்ப எடுத்துப் போகத் தெரியாதா? பள்ளிகளுக்கு மெஷின் வாங்கும் டெண்டர்களில் மெஷின் விலை இருக்கும், எந்த ஃபிலமென்ட்டுக்கு எந்தத் தட்டு என்று ஒரு வரி இருக்காது. கண்ணாடி உடைந்த நாளோடு மெஷின் பீரோவுக்குள் போய்விடும். "ஸ்பெஷல் பெட் அட்ஹெசிவ்" என்று பெரிய விலைக்கு வரும் குச்சிகளும் உங்களுக்கு வேண்டாம். ஸ்டேஷனரிக் கடையில் பிள்ளைகள் வாங்கும் பசைக் குச்சியே உங்கள் கிளிப்புகளுக்குப் போதும்.

பிஇஐ வந்ததும் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைப் பெயர்ப்பலகை, முகப்பெழுத்து போன்ற ஆர்டர் வந்தால் அடிப்பக்கம்தான் பார்ப்பவருக்கு முகமாக நிற்கும். சொரசொரப்பான பிஇஐயில் அடித்தால் அந்த முகம் மணல் தூவிய மாதிரி வரும். கண்ணாடியில் பிஎல்ஏவை அடித்தால் பளிங்குப் பளபளப்போடு வரும். எழுத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பி, முகம் கீழே இருக்கும்படி அடியுங்கள். இங்கே பசையைத் தவிர்ப்பது நல்லது, பசையின் வரிகள் அப்படியே முகத்தில் பதியும். கண்ணாடியைச் சோப்பால் கழுவி, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து வையுங்கள். தட்டு 60 டிகிரி காட்டியதும் உடனே தொடங்காதீர்கள். சூடு அளக்கும் சென்சார் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, மேற்பரப்புக்குச் சூடு ஏற இன்னும் சில நிமிடம் ஆகும். முழுதும் ஆறியதும் பலகை தானாகவே விட்டிருக்கும். இந்த வேலைக்கு மட்டும் பிஇஐ கண்ணாடிக்கு ஈடாகாது. பெட்ஜியிலும் இதே பளபளப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பசை போட்டால் வரி விழும், போடாவிட்டால் சில்லு போகும்.

பிஇஐ தகட்டில் பிடிப்பு குறைந்தால் பெரும்பாலும் காரணம் கை வியர்வையும் எண்ணெயும்தான். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், அது பூச்சைக் கெடுத்துவிடும். கழுவிய உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். பூச்சு ஏறாத ஓரங்களில் உங்கள் ஊர் உப்புக்காற்று சீக்கிரமே துருவை ஏற்றிவிடும்.

ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் சூடேற்றும் தட்டை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் அச்சு அளவும் தட்டின் அளவும் ஒன்றல்ல: 220 மில்லிமீட்டர் அடிக்கும் மெஷினில் தட்டு 235 இருக்கும். கண்ணாடியின் கனமும் பிஇஐயின் கனமும் வேறு என்பதால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நாசிலுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் இசட் ஆஃப்செட்டைப் புதிதாக வைக்க வேண்டும். பிஇஐயிலிருந்து கண்ணாடிக்குத் திரும்பும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். பழைய அளவிலேயே மெஷினை ஓடவிட்டால் நாசில் நேராகக் கண்ணாடியில் போய் இடிக்கும்.