தச்சு மேஸ்திரியிடம் வேலை கற்க அனுமதி கேட்டு எப்படி எழுதுவது?

கேள்வி: எனக்கு 19 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். எங்கள் ஊரில் கதவு, ஜன்னல், கட்டில் செய்யும் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்து தச்சு வேலை கற்க ஆசை. எங்கள் குடும்பத்தில் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. அவருக்கு வாட்ஸ்அப்பில் என்ன எழுதினால் சேர்த்துக்கொள்வார்?

பதில்:

சிறிய மரப்பட்டறை ஒன்றை நடத்துகிறேன். இப்படிப்பட்ட செய்திகள் எனக்கும் வருகின்றன. பெரும்பாலானவற்றில் "ஐயா, எனக்கு மரவேலையில் மிகுந்த ஆர்வம், ஒரு வாய்ப்புத் தாருங்கள்" என்ற ஒரே வரிதான் இருக்கும். அதற்கு நான் பதில் போடுவதில்லை. அந்த வரியை வைத்து என்னால் எதையும் முடிவு செய்ய முடியாது.

புதிய பையனைச் சேர்க்கும்போது மேஸ்திரியின் மனதில் முதலில் ஓடுவது மரக்கணக்கு. ஒரு வாசல் நிலைக்கு 7 அடி நீளத்தில் இரண்டு கால்கள் வேண்டும். 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் சட்டம் என்றால், ஒரு காலிலேயே முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவான மரம் இருக்கிறது. தேக்கு கன அடி 4,000 ரூபாய் என்று வைத்தால் அந்த ஒற்றைக் கால் ஏறத்தாழ 2,900 ரூபாய். அளவெடுப்பதில் அரை அங்குலம் குறைத்து அறுத்துவிட்டால் அது நிலைக்கு ஆகாது. நறுக்கி ஜன்னல் சட்டத்துக்கோ ஸ்டூல் காலுக்கோதான் பயன்படுத்த வேண்டும். நிலைக்குச் சொன்ன விலையில் அந்த நஷ்டத்தைச் சேர்க்க வழியில்லை. அடுத்த கவலை விரல். ரம்ப மெஷினில் பலகை இறுகி எதிர்த்துத் தள்ளினால், பழகிய ஆளின் கையே தடுமாறும். கடைசிக் கவலை, உளி பிடிக்கத் தெரிந்த மறுமாதமே பையன் வேறு இடம் போய்விடுவானோ என்பது. நீங்கள் அனுப்பும் செய்தி இந்த மூன்றுக்கும் பதிலாக இருந்தால் போதும். ஆர்வத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் நிலையில் இருப்பவர் அனுப்பக்கூடிய ஒரு செய்தியை எழுதிக் காட்டுகிறேன். முதல் வரியில் உங்கள் பெயரையும் தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய ஊரில் "யார் வீட்டுப் பிள்ளை" என்பது தெரிந்த பிறகுதான் மற்றதைப் படிப்பார்கள்.

"வணக்கம் ஐயா. எனக்கு 19 வயது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். பெருமாள் கோயில் தெருவில் நீங்கள் நிலை வைத்த வீட்டுக்கு எதிரில் இருக்கிறோம். உங்கள் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறேன். பேக்கிங் பெட்டி மரத்தில் ஒரு ஸ்டூல் செய்தேன். சமதரையில் நான்கு காலும் படிகின்றன, ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் ஆடுகிறது. கழுந்து துளைக்குள் தளர்வாக இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். பெருக்குவது, மரம் தூக்குவது, உப்புத்தாள் தேய்ப்பது எதுவானாலும் செய்கிறேன். நீங்கள் சொல்லும்வரை மெஷின் பக்கம் போகமாட்டேன். இரண்டு வருடம் இருக்க வீட்டில் சம்மதித்திருக்கிறார்கள். அப்பா உங்களிடம் பேசவும் தயார். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கிடைத்தால் ஆரம்பத்தில் போதும். மாலையில் எப்போது வந்தால் உங்களைப் பார்க்கலாம்?"

கழுந்து என்பது துளைக்குள் செருகுவதற்காக மெலிதாக அறுத்த சட்டத்தின் முனை. இந்தச் செய்தியில் எனக்கு முக்கியமாகத் தெரிவது ஸ்டூல் ஆடும் விதத்தைச் சொன்ன இடம். நான்கு கால் சாமான் ஆடுவதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். கால்களின் நீளம் சமமாக இல்லையென்றால் சமதரையில் ஒரு கால் தூக்கிக்கொண்டு 'டக் டக்' என்று தட்டும். பொருத்து தளர்ந்திருந்தால் கால்கள் எல்லாம் தரையில் படிந்திருக்கும், உட்காருமிடத்தைப் பிடித்துத் தள்ளும்போது மொத்தமாகச் சாயும். இந்த வித்தியாசத்தைத் தானே பார்த்து எழுதிய பையனுக்குக் கண் இருக்கிறது.

பொருத்து ஏன் தளர்ந்தது என்பதும் படித்த உடனே மேஸ்திரிக்குப் புரிந்துவிடும். புதிதாக அறுப்பவர்கள் பென்சில் கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டுவார்கள். ரம்பத்துக்கும் ஓர் அகலம் உண்டு, கைரம்பமே ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் மரத்தைத் தின்னும். கழுந்தின் இரு பக்கமும் அப்படி அறுத்தால் பக்கத்துக்கு அரை அரை மில்லிமீட்டர் போய், மொத்தத்தில் ஒரு மில்லிமீட்டர் மெலிந்துவிடும். கோடு கழுந்தோடு தங்க வேண்டும், ரம்பம் வெட்டிப் போடும் பக்கத்தில்தான் ஓட வேண்டும். துளைக்குள் கழுந்து, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலின் லேசான தட்டுக்கு இறங்க வேண்டும். கையால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போனால் பசை எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. இதை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுக்க ஓர் இடம் கண்ணில் பட்டுவிட்டால், ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கத் தோன்றும்.

இதுவரை எதுவும் செய்ததில்லை என்றால் செய்ததாக எழுதாதீர்கள். பட்டறையில் கையில் ஓர் இழைப்புளியைக் கொடுத்த மறுநிமிடம் தெரிந்துவிடும். நார் ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளினால் மரம் பொடிப்பொடியாகப் பிய்ந்து மேல்பரப்பு சொரசொரப்பாகும். சரியான திசையில் போனால் சீவல் நீளமாகச் சுருண்டு வரும். பழகியவர் பலகையின் பக்கவாட்டைப் பார்த்து நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று கண்டுகொண்டுதான் தொடங்குவார். பொய் சொல்வதைவிட, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழைய மரத்தில் எதையாவது செய்து பாருங்கள்.

படம் அனுப்பும்போது சாமானைத் தூரத்தில் நிறுத்தி அழகாக எடுக்க வேண்டாம். பொருத்தை நெருங்கி எடுங்கள், இடைவெளி தெரியட்டும். மேஸ்திரியின் கண் முதலில் அங்கேதான் போகும்.

"சம்பளமே வேண்டாம்" என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. வீட்டில் பணம் தேவைப்படும் பையன் மூன்றாவது மாதம் சொல்லாமல் நின்றுவிடுவான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் எது கிடைத்தால் சமாளிக்க முடியுமோ அதை எழுதுங்கள். தனியாக ஒரு பலகையை இழைத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துத் தரும் நிலைக்கு வந்ததும் கூலியைப் பற்றி அவரிடமே பேசலாம். நல்ல மேஸ்திரி அதற்கு முன்பே உயர்த்தியிருப்பார்.

குடும்பத்தில் யாரும் இந்தத் தொழிலில் இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். பரம்பரைப் பிள்ளைகளில் பலர் வேறு படிப்புக்குப் போய்விட்டதால் பட்டறைகளில் ஆள் கிடைப்பதே கடினமாக இருக்கிறது. எங்கள் பட்டறையில் இப்போது இருக்கும் இருவரும் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். அழைக்கும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். "ஆசாரி" என்று எழுதாமல் "ஐயா" என்று எழுதுங்கள். இளையவர் என்றால் "அண்ணா" போதும்.

காலையில் அனுப்பாதீர்கள். அப்போது அவர் வேலை நடக்கும் வீட்டில் அளவெடுத்துக்கொண்டிருப்பார், செய்தி அடியில் போய்விடும். மாலை ஆறரைக்கு மேல், கை கழுவிவிட்டு போனைப் பார்க்கும் நேரம் நல்லது. நான்கைந்து நாள் பதில் வராவிட்டால் இன்னொரு செய்தி அனுப்ப வேண்டாம், ஒரு மாலை நேரில் போங்கள். கை தளர்ந்து தொங்கும் சட்டை, வளையம், செருப்பு இவற்றோடு போகாமல் கை மடித்த சட்டையும் ஷூவும் அணிந்து போனால், மெஷின் இருக்கும் இடத்தை யோசித்து வந்திருக்கிறான் என்று அவருக்குப் படும். "இப்போது ஆள் வேண்டாம்" என்றால், ஊரில் வேறு யாரிடம் கேட்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். யாருக்கு உதவிக்கு ஆள் தேவைப்படுகிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குள் தெரிந்திருக்கும்.