எண்ணியது யார் என்று எழுது

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். வீடு ஏற்காட்டில். காப்பிச் செடியைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பற்றித்தான் என் ஆய்வு. வெளிநாட்டில் பிஎச்.டி. செய்ய ஆசைப்பட்டு 60 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, அப்பா இல்லாதது, குடும்ப வறுமை, கைகொடுத்தால் தெய்வமாக நினைப்பேன் என்பது வரை எழுதினேன். ஒரு பதில்கூட இல்லை. இரண்டு சீசன் 300 செடிகளைக் கவனித்த கணக்கு என்னிடம் இருக்கிறது. நான் விடுதியில் இருந்ததால், தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாதான் பெரும்பாலும் பார்த்துக் குறித்துக் கொடுத்தார். இவ்வளவு பணிவாக எழுதியும் ஏன் பதில் வரவில்லை? இன்னும் எப்படித்தான் எழுதுவது?
— வாசகி, ஏற்காடு

பதில்:

கண்ணு, உன் கடிதத்தில் கடைசிக்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது. அம்மாதான் பார்த்துக் குறித்தார் என்கிற வரி. எனக்கு எழுதும்போது போகிற போக்கில் சொல்லிவிட்டாய். அந்த 60 பேருக்கு எழுதியதில் அது இருந்ததா? இருந்திருக்காது. ‘நான் 300 செடிகளைக் கவனித்தேன்’ என்றுதான் எழுதியிருப்பாய். அதே கடிதத்தில் அம்மாவின் வறுமைக்கு மட்டும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறாய். அவர் கஷ்டத்தைக் காட்டி இரக்கம் கேட்டாய், அவர் செய்த வேலையை உன் பெயரில் போட்டுக்கொண்டாய். பெற்றவளுக்கு இப்படியா செய்வது? வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். ஆனாலும் இதைச் சரிசெய்யாமல் 61-வது கடிதம் போகக்கூடாது.

இது பாசத்தைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. உனக்குப் பதில் வராததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு மாணவியைச் சேர்த்துக்கொள்ளும் பேராசிரியர் மூன்று முதல் ஐந்து வருடம் அவளோடு வேலை செய்யப் போகிறார், பல இடங்களில் தன் ஆய்வு நிதியிலிருந்து சம்பளமும் கொடுக்கப் போகிறார். அவர் உன் கடிதத்தில் தேடுவது மூன்றே விஷயம். இவள் எதையாவது கவனமாகப் பார்த்திருக்கிறாளா? பார்த்ததை உள்ளபடி சொல்கிறாளா? நான் செய்கிற வேலை என்னவென்று தெரிந்து எழுதுகிறாளா? வறுமை இந்த மூன்றில் எதற்கும் பதில் இல்லை. தெய்வம் என்பது அவரைச் சங்கடப்படுத்தும், அவ்வளவுதான். ‘சார்’ என்று எழுதிய 60 பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தாயா? பார்க்காமல் அனுப்பிய கடிதத்தில் பணிவு எங்கே இருக்கிறது?

முதலில் கணக்கைச் சரிபார்.

துளைப்பான் புழு தண்டுக்குள் இருக்கும்போது வெளியே தெரிவது பட்டையில் எழும் மேடுதான். பிறகுதான் இலை மஞ்சளாகும், செடி வாடும். அந்த மேட்டைக் கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிப்பது பழகிய கைக்கு வருகிற வித்தை, உன் அம்மாவுக்கு அது வந்திருக்கும். ஆனால் ஆய்வு என்று வந்தால் ‘அவருக்குத் தெரியும்’ என்றால் போதாது, எவ்வளவு சரியாகத் தெரியும் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

உங்கள் 300 செடிகளைத் தொடாதே. அவற்றில் அம்மா ஏற்கனவே குறி போட்டிருப்பார், நினைவும் இருக்கும். தோட்டத்து மேஸ்திரியிடம் சொல்லி, வேறு வரிசையிலிருந்து 30 செடிகளுக்கு எண் கட்டச் சொல். பாதி மேடு உள்ளவை, பாதி இல்லாதவை, கலந்து இருக்கட்டும். எது எது என்று அவர் இருவரிடமும் சொல்லக்கூடாது. அம்மா தனியாக ஒருமுறை, நீ தனியாக ஒருமுறை பார்த்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று எழுதுங்கள். பிறகு இரண்டு தாளையும் வைத்து எத்தனை பொருந்துகிறது என்று பார். ஏன் பாதிப் பாதி? 30-ல் 28 நல்ல செடியாக இருந்தால், பார்க்காமலே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதினாலும் 28 பொருந்திவிடும். அந்த எண்ணைப் பார்த்தால் துறை தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இருவரும் ஒத்துப்போவதால் மட்டும் இருவரும் சரி என்று ஆகிவிடாது, இருவரும் ஒரே தவறைச் செய்யலாம். வண்டு வெளியே வந்து பறப்பது ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒருமுறை. அதற்கு முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும், தாக்கிய செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிப்பார்கள். எரிப்பதற்கு முன்னால் மேடு என்று குறித்த தண்டுகளைப் பிளந்து பார்த்து, எத்தனையில் புழுவோ அது குடைந்த வழியோ இருந்தது என்று எழுதி வை. போன சீசனில் அப்படிப் பார்த்தார்களா என்று அம்மாவிடம் கேள். பார்க்கவில்லை என்றால் ‘பிளந்து உறுதி செய்யவில்லை’ என்று கடிதத்தில் சொல்லிவிடலாம். குறையைத் தானே சொல்கிற மாணவியை நம்புவார்கள்.

இனி கடிதம். 60 பேர் வேண்டாம், 6 பேர் போதும். தண்டு குடையும் நீள்கொம்பு வண்டுகளைப் பற்றியோ, நிழல் மரங்களுக்கும் பூச்சித் தாக்குதலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியோ இப்போதும் எழுதிக்கொண்டிருப்பவர்களாக எடு. ஒவ்வொருவரும் கடைசி மூன்று வருடத்தில் எழுதிய கட்டுரைகளில் இரண்டை முழுதாகப் படி. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ‘உங்கள் கட்டுரை என்னைக் கவர்ந்தது’ என்று எழுதினால் அது தெரிந்துவிடும். எப்படிச் செய்தார்கள் என்ற பகுதியையும், தங்கள் ஆய்வின் எல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்ட பகுதியையும் படி. உன் கேள்வி அங்கிருந்துதான் வரும். அவருடைய பக்கத்தில் புதிய மாணவர்களுக்கென்று ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றும் பார். சிலர் மின்னஞ்சலின் தலைப்பில் ஒரு குறிப்பிட்ட சொல்லைப் போடச் சொல்லியிருப்பார்கள். அதைச் செய்யாத கடிதத்தை அவர்கள் திறப்பதில்லை.

தலைப்பு வரியில் ‘பிஎச்.டி. வாய்ப்பு வேண்டி’ என்று போடாதே. ‘2027 பிஎச்.டி. சேர்க்கை: அராபிகா காப்பியில் தண்டுத் துளைப்பானும் நிழலும்’ என்கிற மாதிரி இருக்கட்டும். விளிப்பு ‘டியர் புரொஃபசர்’, அதோடு குடும்பப் பெயர். அதற்கு மேல் மரியாதை தேவையில்லை, அதற்குக் கீழே முதற்பெயரைச் சொல்லி அழைப்பதும் வேண்டாம். உள்ளே ஆங்கிலத்தில் இந்த அளவுக்கு எழுது:

‘தென்னிந்தியாவின் சேர்வராயன் மலையில் அராபிகா காப்பித் தோட்டம் ஒன்றில், தண்டுத் துளைப்பான் தாக்குதலை 300 செடிகளில் இரண்டு சீசன் பதிவு செய்து எம்.எஸ்சி. ஆய்வை முடித்துள்ளேன். பெரும்பாலான களப்பதிவைத் தோட்டத் தொழிலாளியான என் தாயார் செய்தார். தனியாக எடுத்த 30 செடிகளில் அவருடைய கணிப்பையும் என்னுடையதையும் ஒப்பிட்டதில் இத்தனை பொருந்தின. நிழல் மரங்களைக் கவாத்து செய்த பகுதியில் தாக்குதல் இவ்வளவாக இருந்தது, செய்யாத பகுதியில் இவ்வளவு. உங்கள் இந்தக் கட்டுரையில் பொறிகளை ஒரே அளவு நிழலில் வைத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். வெயில் விழும் இடத்தில் பொறியில் விழும் எண்ணிக்கை மாறும் என்று எதிர்பார்க்கிறீர்களா? 2027-ல் பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன். நேரத்துக்கு நன்றி.’

அவ்வளவுதான். போனில் திறந்தால் பெரிதாகத் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும். பொறி பற்றிய கேள்வி ஒரு மாதிரிக்குத்தான், அதை அப்படியே ஆறு பேருக்கும் போட்டால் பழைய கதைதான். கவாத்து செய்த பகுதி, செய்யாத பகுதி என்று உன் கணக்கில் பிரித்து வைக்கவில்லை என்றால் அந்த வரியையும் எடுத்துவிடு. இரண்டு பக்கத்துக்குள் தன்விவரம், ஒரே பிடிஎஃப் கோப்பாக. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து ஸ்கேன் எடுத்து அனுப்புவதை நிறுத்து, கேட்டால் கொடுக்கலாம். பணம் பற்றிச் சொல்லவேண்டியது இருந்தால் ‘நிதியுதவி உள்ள இடத்தில்தான் சேர முடியும்’ என்று ஒரு வரி. அது வெட்கப்பட வேண்டிய வரியல்ல, விண்ணப்பத்துக்குத் தேவையான தகவல்.

எந்த நாடு என்பதையும் பார்த்து எழுது. அமெரிக்காவில் பேராசிரியர் சரி என்றாலும் சேர்ப்பது துறையின் குழு, பெரும்பாலும் டிசம்பரையொட்டி விண்ணப்பம் முடியும், அதனால் செப்டம்பரிலேயே எழுது. ‘போர்ட்டலில் விண்ணப்பிக்கவும்’ என்று பதில் வந்தால் அது மறுப்பு அல்ல. ஆஸ்திரேலியாவில் மேற்பார்வையாளரின் சம்மதத்தை முன்னதாகவே கேட்கிற பல்கலைக்கழகங்கள் நிறைய. ஜெர்மனியில் பிஎச்.டி. இடங்கள் பலவும் வேலை விளம்பரமாகவே வரும். விளம்பரம் இருக்கும்போது பொதுவான கடிதம் எழுதாமல் அந்த விளம்பரத்துக்கே பதில் போடு.

இரண்டு வாரம் பொறு. பதில் இல்லை என்றால் அதே மின்னஞ்சலின் கீழே இரண்டு வரி எழுதி ஒருமுறை நினைவூட்டு. அதற்கும் பதில் இல்லையா, விட்டுவிடு. மூன்றாவது முறை எழுதுவது நச்சரிப்பு.

உன் எம்.எஸ்சி. வழிகாட்டிக்கு இந்த 60 கடிதங்கள் பற்றித் தெரியுமா? நீ சொல்லவே இல்லை, தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பரிந்துரைக் கடிதம் அவரிடம்தான் கேட்கப் போகிறாய், அந்தக் கணக்கும் அவர் பார்வையில் செய்த ஆய்வு. முதலில் அவரைப் போய்ப் பார். அம்மா குறித்தார் என்பதை அவரிடமும் சொல். ஆய்வேட்டில் அம்மாவின் உதவிக்கு நன்றி சொல்லாமல் விட்டிருந்தால், அடுத்து கட்டுரையாக எழுதும்போது எப்படிச் சேர்ப்பது என்று அவரிடமே கேள். தோட்ட உரிமையாளரின் அனுமதியையும் எழுத்தில் வாங்கி வை, கட்டுரை வெளிவரும் நேரத்தில் ஓடக்கூடாது.

அனுப்புவதற்கு முதல்நாள் கடிதம் முழுவதையும் தமிழில் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. எந்த வரியில் உன் குரல் தாழ்கிறதோ அந்த வரியை அடித்துவிடு. அவருடைய பெயரை எப்படி எழுத வேண்டும், இனிஷியலோடா, ஊரோடா என்று அவரிடமே கேட்டுப் போடு.