மைனஸ் பவர், மின்னல், கரும்புள்ளி: விழித்திரை மருத்துவரிடம் கேட்டவை

சுதா: வயது 48, வலது கண்ணுக்கு மைனஸ் 9. மூன்று நாளாக அந்தக் கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன. இருட்டில் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறது. வலி இல்லை. அடுத்த வாரம் காட்டினால் போதுமா டாக்டர்?

போதாதம்மா. இன்றே போங்கள், முடியாவிட்டால் நாளை. வலி இல்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விழித்திரைக்கு வலி தெரியாது. அதை எது இழுத்தாலும் வெளிச்சமாகத்தான் மூளைக்குச் சொல்லும். நீங்கள் பார்க்கும் மின்னல் அதுதான்.

சாதாரணக் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மி.மீ. இருக்கும். மைனஸ் 9 கண் பெரும்பாலும் 26 மி.மீ.-ஐத் தாண்டி நீண்டிருக்கும். உள்ளே இருப்பது அதே விழித்திரைதான், மூட வேண்டிய பரப்பு மட்டும் கூடிவிட்டது. அதனால் ஓரங்களில் மெலிந்துபோகிறது. கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் கூழும் வயதாக ஆக நீர்த்து, ஒரு கட்டத்தில் விழித்திரையை விட்டுப் பிரியும். பெரும்பாலோருக்கு நடப்பதுதான், கிட்டப்பார்வைக்காரர்களுக்குச் சில வருடங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது. சுவரில் ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது பசை அதிகமான இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வருமே, அப்படி எங்காவது கூழ் இறுகப் பிடித்திருந்தால் அந்த இடம் கிழியும்.

உங்களைப் போன்ற அறிகுறியோடு வருபவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கும். மற்ற ஆறு பேருக்கும் கூழ் பிரிந்ததோடு சரி. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை அறிகுறியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, உள்ளே பார்த்தால்தான் தெரியும். இந்த மாதிரிக் கிழிசலை அப்படியே விட்டால் பாதிப் பேருக்கு விழித்திரை பிரிந்துவிடும். நேரத்தில் லேசர் போட்டால் அந்த அபாயம் நூற்றுக்கு ஐந்து அல்லது அதற்கும் கீழே வந்துவிடும்.

ஃபோனில் நேரம் கேட்கும்போது "கண் செக்கப்" என்று சொல்லாதீர்கள், இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்துவிடுவார்கள். "மைனஸ் 9, புதிதாக மின்னலும் புள்ளியும்" என்று சொல்லுங்கள். கண் பாப்பாவை விரிக்க மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டிப் போக வேண்டாம்.

பிரபு: லேசிக் செய்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது பவர் பூஜ்யம். அப்போ எனக்கு இந்தக் கவலை இல்லைதானே?

பாதி சரி. கண்ணாடி வேண்டாம் என்பது உண்மை. ஆனால் லேசிக்கில் செதுக்கியது முன்னால் இருக்கும் கருவிழியை. கண்ணின் நீளமும் பின்னால் இருக்கும் மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கின்றன. நீங்கள் பழைய மைனஸ் ஆள்தான், வெளியே தெரியவில்லை, அவ்வளவே. லேசிக்குக்கு முந்தைய பவர் சீட்டைப் பத்திரமாக வைத்து, புது மருத்துவரிடம் போகும்போதெல்லாம் காட்டுங்கள். சொல்லாவிட்டால் அவர் உங்களைச் சாதாரணக் கண்ணாகத்தான் நினைப்பார். பிற்பாடு கண்புரை ஆபரேஷன் வந்தால் இது இன்னும் முக்கியம். அதற்குப் பின்னான வருடங்களில் விழித்திரை பிரியும் வாய்ப்பு கூடும், நீளமான கண்ணில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே.

மீனா: எனக்கும் மின்னல் வரும் டாக்டர். வளைந்து நெளிந்து ஜிக்ஜாக்காக, இரண்டு கண்ணிலும், இருபது நிமிடம். அப்புறம் தலைவலி. பவர் மைனஸ் 1 தான். எனக்கும் கிழிசலா?

நீங்கள் சொல்வது ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் வெளிச்சம் மாதிரி இருக்கிறது. ஒரு கண் மாற்றி ஒரு கண்ணாக மூடிப் பாருங்கள். எதை மூடினாலும் ஜிக்ஜாக் தெரிந்தால் அது மூளையில் நடப்பது. விழித்திரை மின்னல் ஒரே கண்ணில், ஓரத்தில், ஒரு நொடி வெட்டிவிட்டுப் போகும். கண்ணை வேகமாகத் திருப்பினால் மறுபடி வரும். இருந்தாலும் இதுவரை யாரிடமும் காட்டியதில்லை என்றால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சுதா: அன்றைக்கே போனேன் டாக்டர். ஓரம் வரை அழுத்திப் பார்த்தார்கள், கிழிசல் இல்லையாம். இனி நிம்மதி!

நல்லது. ஆனால் மறு பரிசோதனைக்குத் தேதி கொடுத்தார்களா? கூழ் ஒரே நாளில் முழுதாகப் பிரிவதில்லை. முதல் நாள் சுத்தமாக இருந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் போல, அடுத்த ஆறு வாரத்துக்குள் புதுக் கிழிசலோடு திரும்பி வருகிறார்கள். அதனால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் அதைவிடச் சீக்கிரம்.

அதுவரை தினமும் ஒரு கண்ணை மூடி வெறும் சுவரைப் பாருங்கள், அப்புறம் மறு கண். பழைய புள்ளி மிதப்பதில் கவலை இல்லை. திடீரென்று கரித்தூள் கொட்டியது போல நிறையப் புள்ளிகள் வந்தாலோ, ஏதாவது ஒரு ஓரத்திலிருந்து நிழல் திரையாக நகர்ந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். நிழல் நடுப் பார்வையைத் தொடுவதற்கு முன் ஆபரேஷன் நடந்தால் பார்வை நன்றாகவே தங்கும். தொட்ட பிறகு முழுதாகத் திரும்புவது கடினம்.

ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்: விழித்திரை ஓரத்தில் வலைப்பின்னல் போலத் தெரியும் லேட்டிஸ் மெலிவு கண்டாலே முன்கூட்டி லேசர் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

முழுதாக இல்லை. லேட்டிஸ் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கடைசிவரை ஒன்றும் ஆவதில்லை. லேசர் போட்ட இடத்தை விட்டுவிட்டு, பார்க்க நன்றாக இருந்த இடம் கிழிந்ததையும் நாம் பார்க்கிறோம். மறு கண்ணில் ஏற்கெனவே விழித்திரை பிரிந்தவருக்கு நான் போடுவேன். அதற்கும் ஆதாரம் உறுதியாக இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போடுவேன். உங்கள் ஆசிரியர் வழியில் நடப்பவர்களும் இருக்கிறார்கள், இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

கார்த்திக்: வயது 19, மைனஸ் 7. எவ்வளவு நாளைக்கு ஒருமுறை காட்டணும்? ஜிம், பாக்ஸிங் இரண்டும் போகிறேன். ஃபோன் பார்த்தால் கிழியுமா?

ஃபோனால் கிழியாது. ஜிம் போகலாம். பாக்ஸிங்கை விட்டுவிடுங்கள் தம்பி, இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை மருந்து விட்டுப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது அதில் சேராது. பெரிய கோணத்தில் எடுக்கும் படம் உதவும், ஆனால் கடைசி ஓரம் அதில் விட்டுப்போகலாம். உங்கள் வயதில் மின்னலுக்காகக் காத்திருக்கவும் முடியாது. கூழ் இன்னும் கெட்டியாக இருப்பதால், சின்ன வட்ட ஓட்டை வழியாக நீர் மெதுவாகக் கசிந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் விழித்திரைப் பிரிவு பரவுவது இளைஞர்களிடம்தான் அதிகம்.

சுதா: ஐந்தாவது வாரம் போனேன். மேல் ஓரத்தில் சின்னக் கிழிசலாம். உடனே லேசர் போட்டார்கள். இனி என்ன செய்யக் கூடாது?

தேதி தவறாமல் போனீர்களே, அதனால்தான் லேசரோடு முடிந்தது. லேசர் என்பது கிழிசலைச் சுற்றிப் போடும் தழும்பு வேலி. அது இறுக இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை பெரிய பாரம் தூக்குவதும் குலுங்கும் விளையாட்டும் வேண்டாம். படிக்கலாம், டிவி பார்க்கலாம், நடக்கலாம். மின்னல் சில நாள் தொடரலாம், கூழ் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் வேலி பிடித்ததா என்று பார்ப்பார்கள். இந்த லேசர் அந்த ஒரு கிழிசலுக்கு மட்டும்தான், அதனால் சுவர் பார்க்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டாம். இடது கண்ணின் பவர் என்ன? அதையும் சொல்லுங்கள். அங்கே கூழ் இன்னும் பிரியவில்லை என்றால், இதே கதை அந்தக் கண்ணில் வரக்கூடும்.