‘மீடியம் தீ’ எவ்வளவு என்று வெங்காயமே சொல்லும்

கேள்வி: சமையல் குறிப்புகளில் ‘மிதமான தீயில் வதக்கவும், பிறகு சிம்மில் வைக்கவும்’ என்று போட்டுவிடுகிறார்கள். எது சிம், எது மீடியம், எது ஹை என்று பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவில் தீயை எப்போது மாற்றணும்?

பதில்:

அடுப்புத் திருகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் குனிந்து பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். தீயின் நுனி அடியைத் தொடாமல், பர்னரைச் சுற்றிச் சின்னச் சின்ன மொட்டுகளாக நின்றால் அது சிம். நுனி அடியை லேசாகத் தொட்டு நின்றால் மீடியம். அடியில் மோதி, மடங்கி, விளிம்பை நோக்கிப் படர்ந்தால் ஹை. விளிம்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால் அது ஹை இல்லை, வீண். பாத்திரத்தின் பிடிதான் சுடும்.

திருகை நம்பாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான கேஸ் அடுப்புகளில் அழுத்தித் திருப்பினால் முதலில் வருவது ஹை. இன்னும் திருப்பிக்கொண்டே போனால்தான் சிம். ‘பாதி திருப்பினால் மீடியம்’ என்று நினைப்பவர்கள் பலர் முழுத் தீயில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அதோடு பெரிய பர்னரின் மீடியம், சின்ன பர்னரின் ஹைக்குச் சமமாக இருக்கும். புது அடுப்பு வாங்கிய முதல் வாரம் நான் பழைய பழக்கத்தில் திருகைப் பாதியில் நிறுத்தி, ‘மீடியம், பத்து நிமிஷம்’ என்று குறிப்பை நம்பி வெங்காயத்தை விட்டுவிட்டு நகர்ந்தேன். திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் கரி, நடுவில் பச்சை.

தீ நீலமாக இருக்கணும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சளாக நெளிந்து, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் ஓட்டையில் அடைப்பு, அல்லது காற்று சரியாகக் கலக்கவில்லை. அப்படிப்பட்ட தீயின் உயரத்தை வைத்து எதையும் கணிக்க முடியாது. முதலில் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் சிந்தி ஓரிரு நொடி ஆரஞ்சாகப் பொரிந்தால் அதை விட்டுவிடலாம்.

கண் அவ்வளவுதான் சொல்லும். தீயை எப்போது மாற்றணும் என்பதைச் சொல்வது காதுதான். நான் இதைக் கற்றுக்கொண்டது என் அக்காவிடம், அதுவும் போனில். கருக்கிய கதையைச் சொன்னதும், “போனை அடுப்புப் பக்கத்துல வை, பேசாத” என்றாள். ஐந்தாறு நிமிஷம் கழித்து, “இப்ப தண்ணி வத்திருச்சு பாரு, குறை” என்றாள். பார்த்தால் ஓரங்கள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

வாணலியில் கேட்கிற ‘சுர்ர்’ எண்ணெயின் சத்தம் இல்லை. வெங்காயத்திலிருந்து வெளியே வரும் தண்ணீர், சூடான எண்ணெயில் ஆவியாகும் சத்தம். அந்தத் தண்ணீர் இருக்கும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். கொடுக்கிற சூடெல்லாம் ஆவியாக்கவே செலவாகும். தண்ணீர் தீர்ந்ததும் அதே தீயில் சூடு மளமளவென ஏறும். சிவக்கத் தொடங்குவதும் அப்போதுதான், கருகுவதும் அதற்குச் சற்றுப் பின்னேதான்.

இனி அடுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். அகலமான வாணலி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தர அளவில் மூன்று வெங்காயம், மெல்லிசாக நறுக்கியது. மீடியத்தில் எண்ணெயைக் காய வைத்து ஒரே ஒரு துண்டைப் போடுங்கள். சத்தமே இல்லாமல் கிடந்தால் எண்ணெய் காயவில்லை. உடனே சீராகச் சுர்ரென்றால் சரி. ‘படார்’ என்று சீறித் துண்டின் ஓரம் அரை நிமிஷத்தில் கருத்தால், அல்லது எண்ணெயில் புகை எழும்பினால், அதிகமாகக் காய்ந்துவிட்டது. அடுப்பை அணைத்து ஆற விடுங்கள்.

மொத்த வெங்காயத்தையும் கொட்டியதும் பெரிய சத்தம் எழும்பி, சில நொடிகளில் அடங்கும். குளிர்ந்த வெங்காயம் வாணலியின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் அப்படி. இங்கே பலர் பயந்து தீயைக் குறைப்பார்கள். கூட்டணும். ஹையில் வைத்து மூன்று, நான்கு நிமிஷம் கிளறுங்கள். குறைவான தீயிலேயே வைத்தால் வெங்காயம் விட்ட தண்ணீரிலேயே அது வேகும், வதங்காது. அதன் அடையாளமும் சத்தம்தான்: சுர்ர் போய், களகளவென்று தண்ணீர் கொதிக்கிற மாதிரி கேட்கும்.

ஆவி நிறைய எழும்பி, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் மீடியத்துக்கு வாருங்கள். இப்போது காதைத் தீட்டிக்கொள்ளணும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, ஈரமான சுர்ர் போய், காய்ந்த சருகை மிதிப்பது போலச் சன்னமான ‘பட்பட்’டாக மாறும். ஆவியும் குறைந்திருக்கும். இதுதான் தீயைக் குறைக்க வேண்டிய இடம். நிறம் வரட்டும் என்று கண்ணுக்காகக் காத்திருந்தால் தாமதமாகிவிடும், ஏனென்றால் கனமான வாணலி தீயைக் குறைத்த பிறகும் ஒரு நிமிஷத்துக்கு மேல் சூட்டை வைத்திருக்கும். மெல்லிய அலுமினிய வாணலியில் இந்தத் தாமதம் குறைவு, ஆனால் தீ நேராகப் படும் இடம் மட்டும் கருகும். கரண்டியில் அடி ஒட்டுவது தெரிந்தால் ஒரு கரண்டித் தண்ணீர் விடுங்கள். சத்தம் திரும்பி வரும், இன்னும் ஒரு நிமிஷம் கிடைக்கும். நிறம் வேண்டிய அளவுக்கு ஒரு படி முன்பே அணைத்துவிடுவது என் பழக்கம்.

தக்காளி, தண்ணீர் என்று எதைச் சேர்த்தாலும் அதே கதைதான்: சத்தம் செத்துவிடும், தீயை ஹைக்குக் கொண்டுபோய் மீட்டெடுக்கணும். வெறும் தண்ணீரில் ஒரு வேடிக்கை உண்டு. கொதிக்கும் முன் சத்தம் அதிகம். அடியில் எழும் ஆவிக் குமிழ்கள் மேலே வருவதற்குள் குளிர்ந்த நீரில் உடைவதால் ‘ஸ்ஸ்’ என்று பாடும். உண்மையாகவே தளதளவென்று கொதிக்கத் தொடங்கினால் அந்தச் சீற்றம் தணியும். ‘கொதி வந்ததும் சிம்’ என்றால் அந்தத் தணிந்த கட்டத்தில்தான், பாடும்போது இல்லை. சிம்முக்கு வந்தபின் ஓரத்தில் ஓரிரு குமிழ் மட்டும் சோம்பலாக உடையணும். மொத்தப் பரப்பும் அசைந்தால் அது இன்னும் மீடியம்தான், திருகு எங்கே இருந்தாலும் சரி.

கிரேவி கெட்டியாகும்போது சத்தம் ‘பொளக் பொளக்’ என்று கனக்கும், மேலே தெறிக்கும். அதாவது அடியில் ஆவி சிக்கிக்கொண்டு, தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் அடியைக் கிளறாமல் மீடியத்திலேயே விட்டால் ஐந்து நிமிஷத்துக்குள் அடிப்பிடித்த வாசனை வந்துவிடும். வாசனை வந்தபின் கிளறினால் கரி முழுவதும் கலந்துவிடும். கிளறாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

புகைபோக்கி ஓடும்போது இதெல்லாம் காதில் விழாது. வதக்கும் அந்தக் கடைசி இரண்டு மூன்று நிமிஷம் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தீயே தெரியாது, ஆனால் வெங்காயம் அதே சத்தம்தான் போடும்.