ஆவாரம்பூ பானம் விற்பனைக்கு வருகிறது: அறிமுகப் பதிவை எப்படி எழுதுவது? (கேள்வி பதில்)

"அக்கா, அடுத்த வாரம் இன்ஸ்டாகிராமில் அறிமுகம். தொடக்க வரி இப்படி வைத்திருக்கிறேன்: 'இயற்கை அன்னையின் வரப்பிரசாதம்! நம் முன்னோர்கள் காத்துத் தந்த அற்புத மூலிகை ரகசியம், இனி உங்கள் இல்லம் தேடி வருகிறது…' சரியா?"

சரியில்லை. இன்ஸ்டாகிராமில் ஏறத்தாழ 125 எழுத்துக்குறிகளோடு பதிவு மடிந்துவிடும், மீதியைப் படிக்க ஆள் தட்டிப் பார்க்க வேண்டும். தமிழில் இந்த இடம் இன்னும் குறுகும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன. 'ஆவாரம்பூ' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, அங்கே எட்டு. உங்கள் வரி மட்டும் நூறைத் தாண்டிவிட்டது, ஆனால் விற்பது பூவா பொடியா எண்ணெயா என்றே தெரியவில்லை.

இப்படி மாற்றுங்கள்: "ஆவாரம்பூ, எலுமிச்சைப்புல், இடித்த சுக்கு. மூன்றே பொருள். தேயிலை இல்லை. 50 கிராம், 25 கப், ₹200." இது மடிப்புக்குள் அடங்கும். முதல்முறை வாங்குபவர் தேடும் பாதி விஷயம் இதிலேயே வந்துவிடுகிறது. முன்னோர்களைக் கடைசிப் பத்தியில் வணங்கிக்கொள்ளலாம்.

"சர்க்கரைக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ'ன்னு பழமொழியே இருக்கு. அதை மட்டும் போட்டா யார் என்ன கேட்பாங்க?"

பழமொழியைத் திண்ணையில் சொன்னால் பழமொழி. பாக்கெட் படத்துக்குப் பக்கத்தில் விலையோடு போட்டால் அது விளம்பர வாசகம். 'இதைக் குடித்தால் சாவில்லை' என்றுதானே படிப்பவர் எடுத்துக்கொள்வார்?

உணவுப் பொருளாக உரிமம் வாங்கியவர், அது நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. உணவு விளம்பரங்களுக்கான 2018இன் விதிமுறைகள் இதைச் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அதற்கு மேல், சில நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டின் மாய நிவாரணச் சட்டம் வேறு இருக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் நீரிழிவும் உடல் பருமனும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. 'சர்க்கரையை விரட்டும்', 'தொப்பை கரையும்' இரண்டும் நேராக அங்கே போய் விழும்.

சொல்ல எவ்வளவோ இருக்கிறது: பொன் மஞ்சள் நிறம், லேசான துவர்ப்பு, கடைசியில் சுக்கின் காரம், காஃபின் இல்லை. தேயிலை சேராததால் காஃபின் இல்லை என்பது உண்மை. ஆனால் காஃபின் உள்ள வேறு பொருள் எதுவும் கலவையில் சேரக்கூடாது.

"FSSAI நம்பர் வாங்கிட்டா போதும், அதுவே அரசாங்கம் அங்கீகரிச்ச மாதிரிதான். 'அரசு அங்கீகாரம் பெற்ற ஹெர்பல் டீ'ன்னு தாராளமா போடலாம். நான் என் பொடிக்கு அப்படித்தான் போட்டிருக்கேன்."

பாதி சரி. அந்த 14 இலக்க எண் கட்டாயம் வேண்டும், பாக்கெட்டில் இருப்பது பதிவின் படத்திலும் தெளிவாகத் தெரியட்டும். ஆனால் அது நீங்கள் உணவுத் தொழில் செய்ய அனுமதி பெற்றவர் என்று மட்டுமே சொல்கிறது. பொருளின் குணத்துக்கு அது சான்றிதழ் இல்லை. 'அரசு அங்கீகாரம்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

'டீ'யையும் எடுக்க வேண்டும். 2025 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான FSSAI இதைத் தெளிவாக்கிவிட்டது: தேயிலைச் செடியிலிருந்து வருவதை மட்டுமே டீ என்று விற்கலாம். பூவும் புல்லும் வேரும் ஊறவைப்பது டீ ஆகாது. இணைய விற்பனைக்கும் இது பொருந்தும். 'மூலிகைப் பானம்', 'ஆவாரம்பூ பானம்' என்று போடுங்கள். மக்கள் டீ என்றே தேடுகிறார்கள் என்று வருத்தப்படுவது நியாயம்தான், ஆனாலும் லேபிளில் ஒன்றும் பதிவில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

"வாங்கினவங்க 'கசக்குது, குடிக்க முடியல'ன்னு திருப்பி அனுப்புறாங்க. பொருள் நல்லாத்தான் இருக்கு. பதிவில் என்ன சேர்க்கணும்?"

பெரும்பாலும் வழக்கமான டீ போலப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பால் ஊற்றியிருப்பார்கள். கொதிக்கக் கொதிக்க ஆவாரம்பூவின் துவர்ப்பு ஏறும், எலுமிச்சைப்புல்லின் வாசனையோ ஆவியோடு போய்விடும். வாசனை போய்த் துவர்ப்பு மட்டும் நின்றால் யாருக்கும் பிடிக்காது.

செய்முறையைப் பதிவிலேயே எழுதுங்கள்: "200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைக்கவும். 2 கிராம் போட்டு மூடி 5 நிமிடம் விடவும். வடிகட்டிக் குடிக்கவும். பால் வேண்டாம். இனிப்பு வேண்டுமானால் பனங்கற்கண்டு." மூடுவது வாசனைக்காக என்று காரணத்தையும் ஒரு சொல்லில் சேர்த்தால்தான் மூடுவார்கள்.

வீட்டில் யாரும் 2 கிராம் நிறுக்கப் போவதில்லை. உங்கள் கலவையை நீங்களே ஒரு தராசில் நிறுத்து, அது எத்தனை கரண்டி வருகிறது என்று பார்த்து அந்த அளவை எழுதுங்கள். பூ உப்பிய பொருள், சுக்கு கனம். அதனால் இன்னொருவர் கலவைக்குச் சொன்ன கரண்டிக் கணக்கு உங்களுக்கு ஒத்து வராது. பாக்கெட்டில் சுக்கு அடியில் தங்கும், ஆகவே 'குலுக்கிவிட்டு எடுக்கவும்' என்பதும் வேண்டும். இல்லாவிட்டால் முதல் கப் சப்பென்றும் கடைசிக் கப் காரமாகவும் இருக்கும். சுக்கை மாவாக அரைத்துச் சேர்த்திருந்தால் வடிகட்டியில் நிற்காமல் அடியில் மண்டும். அதையும் 'கெட்டுப்போச்சு' என்றுதான் புகார் செய்வார்கள்.

"விலையைப் போட்டா போட்டிக்காரங்க பார்த்துடுவாங்க. 'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க'ன்னு போடலாமா?"

போட்டிக்காரர் எப்படியும் ஒரு பாக்கெட் வாங்கிப் பார்த்துவிடுவார். புதிதாக வாங்குபவர்தான் கேட்கத் தயங்கிப் போய்விடுவார். 50 கிராம் ₹200, ஒரு கப்புக்கு 2 கிராம் என்றால் கப் ₹8. கூரியர் ₹60 சேர்த்தால் ₹260, கப்புக்கு ₹10.40. இரண்டாவது கணக்கையே போடுங்கள். 'கப் எட்டு ரூபாய்' என்று படித்து வந்தவர் பணம் கட்டும் இடத்தில் கூரியரைப் பார்த்துத் திரும்பினால், பிறகு அவர் வரமாட்டார்.

"என் அம்மாவுக்கு மூட்டு வலி. இந்த ஆவாரம்பூ குடிச்சா எத்தனை நாள்ல குறையும்?"

இங்கே பேசுவது பதிவு எழுதுவதைப் பற்றி. அம்மாவை மருத்துவரிடம் காட்டுங்கள். விற்கிறவர்களே, இந்தக் கேள்வி உங்கள் பதிவின் கீழும் நிச்சயம் வரும். அங்கே 'பதினைந்து நாளில் தெரியும்' என்று பதில் போட்டால், பதிவில் ஒதுக்கிய அதே வாசகத்தைக் கருத்துப்பெட்டியில் எழுதியதாகிவிடும்.

"எங்கள் கலவையில் அதிமதுரமும் உண்டு. எச்சரிக்கை போட்டால் விற்பனை குறையாதா?"

அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் குறையலாம். 'ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டபின் குடிக்கவும்' என்பது இருந்தே ஆக வேண்டும், மடிப்புக்குக் கீழே இருந்தாலும் போதும். நான்கு பேர் வாங்காமல் போனால் போகட்டும்.

"அப்படியானால் ஆவாரம்பூவுக்கும் 'சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்கவும்' என்று போடலாமே. எச்சரிக்கையும் ஆச்சு, சொல்ல வேண்டியதும் சொன்ன மாதிரி ஆச்சு."

உங்கள் குறும்பு புரிகிறது. அந்த எச்சரிக்கை உண்மையிலேயே தேவை என்பது என் கருத்து. மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதையே பெரிய எழுத்தில் முதல் வரியாகப் போட்டால் மறைமுக விளம்பரம்தான் என்று வாதிட இடமிருக்கிறது. மற்ற எச்சரிக்கைகளோடு, அதே எழுத்தளவில், ஒரே வரியில் வையுங்கள். உங்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் அச்சுக்கு முன் லேபிளைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.