ஏசி அறைக்காரரிடம் மின்கட்டணப் பங்கைக் கேட்பது எப்படி?

கேள்வி: சென்னையில் மூன்று நண்பர்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருவர் அறையில் மட்டும் ஏசி உண்டு. அதற்குத் தனியாகச் சிறிய மீட்டர் ஒன்றும் மாட்டியிருக்கிறோம். இம்முறை மின்கட்டணம் 4,014 ரூபாய். நான் கட்டிவிட்டேன். அவர் மூன்றாகப் பிரிக்கலாம் என்கிறார், இன்னொருவர் மறுக்கிறார். சண்டை வராமல் எப்படி எழுதிக் கேட்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய விவரப்படி, இரண்டு மாதத்தில் வீட்டின் மொத்தப் பயன்பாடு 720 யூனிட், அதில் ஏசியின் சிறிய மீட்டர் காட்டியது 300 யூனிட். இந்த இரண்டு எண்களும் உங்களிடம் இருப்பதால் வாதத்திற்கே இடமில்லை. ஆனால் செய்தியை எழுதுவதற்கு முன், எந்தக் கணக்கைக் கேட்கப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். எவ்வளவு பணிவாக எழுதினாலும், தொகை எப்படி வந்தது என்று சொல்லாத செய்தி சண்டையில்தான் முடியும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கான கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டிய உடனே அந்த 2.35 ரூபாய்ச் சலுகை மறைந்து, 101-ஆம் யூனிட்டிலிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45 ரூபாய். விகிதம் பின்னர் மாறினால் தொகைகள் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

இப்போது ஏசியே இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பாருங்கள். 720-இல் 300 போக 420 யூனிட். அதற்குக் கட்டணம் 235, 940, 126 ஆகியவற்றைக் கூட்டி 1,301 ரூபாய். ஆளுக்கு ஏறக்குறைய 434. உண்மையில் வந்ததோ 4,014. ஆகவே ஏசி ஓடியதனால் மட்டும் கூடிய தொகை 2,713 ரூபாய். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,338 ஆகிறது; அதாவது ஏசியே இல்லாத நீங்கள் இருவரும் அவருடைய குளிருக்காக ஆளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல் தருகிறீர்கள். மொத்தத் தொகையை 720-ஆல் வகுத்து, யூனிட்டுக்கு ஏறக்குறைய 5 ரூபாய் 57 காசு என்று வைத்து, 300 யூனிட்டுக்கு 1,672 ரூபாய் மட்டும் ஏசிக்குத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியான கணக்கு அல்ல. உயர்ந்த படிகளுக்கு வீட்டை ஏற்றிவிட்டது ஏசிதான், அந்தப் படிகளின் விலையை ஏசிதான் சுமக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். நாளை இன்னொருவரும் ஏசி வாங்கினால், "இது இல்லாவிட்டால் எவ்வளவு" என்ற கேள்வியை ஒவ்வோர் ஏசிக்கும் தனித்தனியாகக் கேட்கக் கூடாது. அதே 300 யூனிட்டில் ஒருவர் ஏசி 180, மற்றவர் ஏசி 120 என்று வைத்துக்கொள்வோம். 180 யூனிட் ஏசியை மட்டும் நீக்கினால் குறைவது 1,638 ரூபாய். 120 யூனிட் ஏசியை மட்டும் நீக்கினால் குறைவது 1,134 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 2,772. ஆனால் உண்மையில் கூடியது 2,713 தான். தனித்தனியாக வசூலித்தால் 59 ரூபாய் கூடுதலாக வந்து நிற்கும், அது யாருடையது என்று புதிய சண்டை தொடங்கும். எனவே இரண்டு ஏசிகளையும் சேர்த்து நீக்கி, கூடிய 2,713-ஐ அவரவர் மீட்டர் காட்டும் யூனிட் விகிதத்தில், இங்கே மூன்றுக்கு இரண்டாக, பிரிக்க வேண்டும்: 1,628, 1,085.

இனி செய்தி. மூவரும் இருக்கும் குழுவிலேயே அனுப்புங்கள். ஒருவருக்குத் தனியாக அனுப்பினால், மற்றவரிடம் வேறு தொகை கேட்டீர்களோ என்ற ஐயம் எழும். இப்படி எழுதலாம்:

"நண்பர்களுக்கு வணக்கம். நம் வீட்டின் இரண்டு மாத மின்கட்டணம் 4,014 ரூபாயை நான் செலுத்திவிட்டேன். ரசீதும், பெரிய மீட்டர், ஏசி மீட்டர் இரண்டின் படங்களும் இத்துடன் உள்ளன. மொத்தம் 720 யூனிட், அதில் ஏசி 300. ஏசி இல்லாவிட்டால் 1,301 ரூபாய் வந்திருக்கும். அதை மூவரும் பிரித்துக்கொள்வோம். மீதி 2,713 ஏசிக்கு உரியது. ஆகவே ஏசி அறையின் பங்கு 3,146 ரூபாய், மற்ற இருவர் பங்கு ஆளுக்கு 434. கணக்கில் பிழை இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள். இல்லையெனில் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்."

இதில் மன்னிப்பும் இல்லை, குத்தலும் இல்லை. நாளைக் குறிப்பிடுவது முக்கியம். "முடிந்தபோது அனுப்பு" என்று எழுதினால் அடுத்த மீட்டர் கணக்கெடுப்பு வரை பணம் வராது. இந்த முறையை முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை என்று ஏசி அறைக்காரர் சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது. இந்த ஒரு முறை யூனிட் சராசரிக் கணக்கை ஏற்றுக்கொண்டு, அடுத்த முறையிலிருந்து மேற்சொன்ன கணக்கு என்று அதே குழுவில் எழுதி, மூவரும் சம்மதம் தெரிவிக்கச் செய்யுங்கள்.

உங்கள் நண்பரைவிட நான் அதிகம் அஞ்சுவது வேறு ஆட்களை. வீட்டு உரிமையாளரோ தரகரோ வாடகைக்காரர்களுக்கு மட்டும் தனி மீட்டர் மாட்டி, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வசூலிக்கும் பழக்கம் சென்னையில் பரவலாக இருக்கிறது. உங்கள் 720 யூனிட்டுக்கு அப்படிக் கேட்டால் 7,200 ரூபாய். மின்வாரியத்திற்குச் சேர வேண்டியதோ 4,014. எனவே யார் பணம் கேட்டாலும், மின் இணைப்பு எண்ணுடன் கூடிய மின்வாரிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். "இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று முன்பின் தெரியாத கைப்பேசி எண்ணிலிருந்து வரும் குறுஞ்செய்தி மோசடி. அதை நம்பிப் பதறி, குழுவில் பணம் திரட்டி, அந்த எண்ணில் சொல்வதையெல்லாம் கைப்பேசியில் செய்து இழந்தவர்கள் உண்டு. நிலுவை இருக்கிறதா என்று உங்கள் இணைப்பு எண்ணை இட்டு வாரியத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மீட்டர் கணக்கெடுக்க வருபவர் ஐந்து நாள் தாமதித்தால் என்ன ஆகிறது தெரியுமா? நாளொன்றுக்கு 8.2 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளில் 492 யூனிட், கட்டணம் 1,755 ரூபாய். 65-ஆம் நாள் எடுத்தால் 533 யூனிட், 2,317 ரூபாய். அடுத்த முறை நாள்கள் குறைந்தாலும் இழப்பு முழுவதும் திரும்பாது. மாதந்தோறும் கணக்கெடுப்போம் என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! வாரியத்தின் தாமதத்திற்கு நண்பர்கள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. அறுபதாம் நாள் இரவு இரண்டு மீட்டர்களையும் தேதி தெரியும்படி படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். தாமதம் ஏற்பட்டால் அந்தப் படத்துடன் உங்கள் பகுதி உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.